ஒரு வீடியோ, மூன்று எண்கள்



யூடியூபில் சேனல் நடத்துகிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சமையல், விவசாயம், போட்டித் தேர்வுப் பாடம், கோயில் வரலாறு என்று துறை எதுவானாலும் உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "வீடியோ போட்ட முதல் நாள் சி.டி.ஆர். நன்றாக இருந்தது. மூன்றாம் நாளே பாதியாகிவிட்டது. தம்ப்நெயிலை மாற்றட்டுமா?" அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது என்பதுதான் என் எண்ணம். பெரும்பாலான நேரங்களில் மாற்ற வேண்டிய தேவையும் இருப்பதில்லை. ஏன் என்று விளக்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸ் பக்கத்தில் Impressions, Impressions click-through rate, Unique viewers என்று மூன்று எண்கள் வருகின்றன. நாம் இம்ப்ரெஷன், சி.டி.ஆர்., யூனிக் வியூவர்ஸ் என்று பேச்சில் சொல்கிறோம். மூன்றும் ஒரே வீடியோவைப் பற்றியவை என்பதால் ஒன்றை இன்னொன்றால் வகுத்தும் பெருக்கியும் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் முதலாவது எண்ணுவது தம்ப்நெயில் திரையில் தெரிந்த தடவைகளை. இரண்டாவது, அப்படித் தெரிந்த தடவைகளில் எத்தனை பங்கு தட்டப்பட்டது என்ற விகிதம். மூன்றாவதில்தான் மனிதர்கள் வருகிறார்கள். அதுவும் வீடியோவைப் பார்த்தவர்கள் மட்டும்.

இம்ப்ரெஷனிலிருந்து தொடங்குவோம். உங்கள் தம்ப்நெயிலின் பாதியாவது திரையில் தெரிய வேண்டும். அது ஒரு வினாடிக்கு மேல் தெரிய வேண்டும். அப்போதுதான் யூடியூப் அதை ஒரு இம்ப்ரெஷனாக எழுதிக்கொள்கிறது. விரலால் வேகமாகத் தள்ளிக்கொண்டே போகிறவரின் திரையில் மின்னி மறைந்தால் கணக்கில் வராது. ஆனால் அதே ஆள் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரவில் ஒரு முறை செயலியைத் திறந்து, மூன்று முறையும் உங்கள் படம் முகப்பில் நின்றிருந்தால் அது மூன்று இம்ப்ரெஷன். ஆகவே அறுபதாயிரம் இம்ப்ரெஷன் வந்ததென்றால் அறுபதாயிரம் பேர் கண்ணில் பட்டது என்று பொருளில்லை. தம்ப்நெயிலை எத்தனை தனி நபர்கள் பார்த்தார்கள் என்ற எண் நமக்குக் கிடைப்பதே இல்லை. அந்த இடம் காலியாக இருப்பதால்தான் பலர் யூனிக் வியூவர்ஸை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

எங்கே தெரிந்தால் எண்ணப்படும் என்பது இதைவிட முக்கியம். முகப்பு, தேடல் முடிவுகள், சப்ஸ்கிரிப்ஷன் பக்கம், வீடியோவின் கீழோ பக்கத்திலோ வரும் பரிந்துரைகள், பிளேலிஸ்ட் ஆகியவற்றில் எண்ணப்படும். யூடியூபுக்கு வெளியே நடப்பது எதுவும் எண்ணப்படாது. வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட இணைப்பு, ஒரு செய்தித் தளத்தில் பதித்து வைத்த வீடியோ, ஃபேஸ்புக் பகிர்வு எல்லாம் வெளியேதான். யூடியூபுக்கு உள்ளேயும் சில இடங்கள் விடுபடுகின்றன. மணிக்குறியை அழுத்தியவருக்குப் போகும் நோட்டிஃபிகேஷன் எண்ணப்படுவதில்லை. வீடியோவுக்குள்ளேயே வரும் கார்டும் எண்ட் ஸ்கிரீனும் அப்படியே.

இதில் ஒரு விளைவு இருக்கிறது. உங்கள் மீது மிகுந்த பற்றுள்ளவர் யார்? மணிக்குறியை அழுத்தி வைத்து, நோட்டிஃபிகேஷன் வந்ததும் தட்டுகிறவர். உங்கள் இணைப்பை உறவினர் குழுவில் பார்த்துத் திறக்கிறவரும் ஆர்வத்தோடுதான் வருகிறார். இவர்கள் பார்த்தது வியூஸில் சேர்கிறது, யூனிக் வியூவர்ஸிலும் சேர்கிறது. சி.டி.ஆரில் மட்டும் இவர்களின் தடமே இருக்காது. ஆகவே சி.டி.ஆர். என்பது உங்கள் ரசிகர்களின் அன்பை அளக்கும் கோல் இல்லை. யூடியூப் தன் பக்கங்களில் உங்கள் படத்தைக் காட்டியபோது, அந்த இடத்தில் இருந்தவர்கள் எவ்வளவு தட்டினார்கள் என்பதை மட்டுமே அது சொல்லும்.

இனி ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. மாடித்தோட்டம் பற்றிய ஒரு சிறிய சேனல். தொட்டிக்கு மண் கலவை தயாரிப்பது எப்படி என்று ஒரு வீடியோ போடுகிறார்கள்.

முதல் இரண்டு நாளில் 6,000 இம்ப்ரெஷன். அவற்றிலிருந்து வந்த வியூஸ் 420. சி.டி.ஆர். 7 சதவீதம். சேனல்காரருக்கு மகிழ்ச்சி. அடுத்த ஐந்து நாளில் 54,000 இம்ப்ரெஷன், அவற்றிலிருந்து 2,430 வியூஸ். சி.டி.ஆர். 4.5 சதவீதம். எண் சரிந்துவிட்டது. இந்த இடத்தில்தான் தம்ப்நெயிலை மாற்றும் கை நீள்கிறது.

கையை நிறுத்திவிட்டு இன்னொரு பக்கத்தைத் திறப்போம். வீடியோவின் அனலிட்டிக்ஸில் See more என்பதைத் தட்டினால் அட்வான்ஸ்டு மோட் வரும். அதில் Traffic source என்று பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வழிக்கும் இம்ப்ரெஷன் எவ்வளவு, சி.டி.ஆர். எவ்வளவு என்று தனித்தனியே வரிசையாக நிற்கும். முகப்பும் சப்ஸ்கிரிப்ஷன் பக்கமும் Browse features என்ற பெயரில் வரும். இன்னொரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பக்கத்தில் காட்டப்படுவது Suggested videos.

நம் வீடியோவுக்கு இந்த இரண்டு வழிகள் மட்டுமே இருப்பதாக எளிமையாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாளில் முகப்பு வழியாக 5,000 இம்ப்ரெஷன், 400 வியூஸ்; 8 சதவீதம். பரிந்துரை வழியாக 1,000 இம்ப்ரெஷன், 20 வியூஸ், 2 சதவீதம். அடுத்த ஐந்து நாளில் முகப்பு வழியாக 12,000 இம்ப்ரெஷன், 960 வியூஸ். அதுவும் 8 சதவீதம்தான், கொஞ்சமும் குறையவில்லை. பரிந்துரை வழியாக 42,000 இம்ப்ரெஷன், 1,470 வியூஸ், 3.5 சதவீதம். அதாவது உயர்ந்திருக்கிறது.

கவனியுங்கள். ஒரு வழியில் சி.டி.ஆர். அப்படியே இருக்கிறது, மற்றதில் ஏறியிருக்கிறது. எந்த வழியிலும் இறங்கவில்லை. ஆனால் மொத்தத்தில் 7 சதவீதம் 4.5 ஆகிவிட்டது! கணக்கில் பிழை எதுவும் இல்லை. முதல் இரண்டு நாளில் ஆறு இம்ப்ரெஷனில் ஐந்து, சேனலை ஏற்கெனவே அறிந்தவர்கள் அதிகம் இருக்கும் முகப்பில் கிடைத்தது. பிறகு யூடியூப் இந்த வீடியோவை அறிமுகமில்லாதவர்களிடம் பெரிய அளவில் கொண்டுபோனது. அங்கே பெரும்பாலும் தட்டும் விகிதம் குறைவாகத்தான் இருக்கும். அந்த ஆள் வேறொரு வீடியோவில் மூழ்கியிருக்கிறார். அந்தக் குறைந்த விகிதத்துக்கு மொத்தத்தில் எடை கூடியதால் சராசரி தாழ்ந்தது. தம்ப்நெயில் மேல் ஒரு குற்றமும் இல்லை. அறிமுகமில்லாதவர்களிடம் அது முன்பைவிட நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

அந்த மூன்றாம் நாள் காலையில் படத்தை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதத்துக்கு ஏறிக்கொண்டிருந்த படத்தைத் தூக்கிப் போட்டிருப்போம். புதுப் படம் வென்றதா தோற்றதா என்றும் தெரியாமல் போயிருக்கும். ஏனென்றால் மாற்றிய அதே நேரத்தில் பார்வையாளர் கூட்டமும் மாறிவிட்டது.

இதே இடத்தில் இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. முழு வாரத்துக்கான சி.டி.ஆர். என்ன என்று கேட்டால், 7-ஐயும் 4.5-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 5.75 என்கிறார்கள். அப்படி அல்ல. மொத்த வியூஸ் 2,850, மொத்த இம்ப்ரெஷன் 60,000, வகுத்தால் 4.75. விகிதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. அவற்றின் பின்னால் உள்ள எண்களைத் தனித்தனியே கூட்டிவிட்டுத்தான் வகுக்க வேண்டும். சேனலின் பத்து வீடியோக்களின் சி.டி.ஆரைக் கூட்டிப் பத்தால் வகுப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

எத்தனை சதவீதம் இருந்தால் நல்லது என்று கேட்பீர்கள். யூடியூப் தன் உதவிப் பக்கத்தில் சொல்வது, பாதிச் சேனல்களும் வீடியோக்களும் 2 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் இடையில் இருக்கின்றன என்பது. அந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்று பாருங்கள், ஐந்து மடங்கு. இதை வைத்து ஒருவருக்கு மதிப்பெண் போட முடியாது. என் கருத்தில், உங்கள் வீடியோவை ஒப்பிடத் தகுந்தது உங்களுடைய இன்னொரு வீடியோதான். அதுவும் ஒரே வழியில், வெளியான அதே வயதில். மண் கலவை வீடியோவின் முதல் ஏழு நாள் பரிந்துரை விகிதத்தை, போன மாத வீடியோவின் முதல் ஏழு நாள் பரிந்துரை விகிதத்தோடு வைத்துப் பாருங்கள். அந்த ஒப்பீடு ஏதாவது சொல்லும். பக்கத்து ஊர்க்காரர் தன் சேனலுக்கு 12 சதவீதம் என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட் உங்களுக்கு எதையும் சொல்லாது. அவருக்கு யூடியூப் காட்டியதே ஆயிரம் தடவையாக இருக்கலாம்.

அதோடு சேர்த்து, சின்ன எண்களை நம்பாதீர்கள். 400 இம்ப்ரெஷனில் 20 தட்டல், 5 சதவீதம் என்று வைப்போம். வீடியோ, படம், கூட்டம் எதுவும் மாறாமல் இன்னொரு 400 இம்ப்ரெஷன் கிடைத்தாலும், வெறும் தற்செயலால் அந்த 20 என்பது 11 ஆகவோ 29 ஆகவோ வரலாம். சதவீதத்தில் சொன்னால் கிட்டத்தட்ட மூன்றிலிருந்து ஏழு வரை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தட்டல்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அந்த அளவுக்கு மேலும் கீழும் ஆடுவது இயல்பு. 20 தட்டலுக்கு ஏறத்தாழ 9. 400 தட்டலுக்கு 40. அதாவது பத்தில் ஒரு பங்குதான். நம் எடுத்துக்காட்டில் முதல் இரண்டு நாள் பரிந்துரை வழியில் வந்தது வெறும் 20 தட்டல். ஆகவே அங்கே 2 என்று தெரிந்தது உண்மையில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். பிறகு வந்த 3.5 சதவீதத்துக்குப் பின்னால் 1,470 தட்டல் இருக்கிறது. அதை நம்பலாம்.

வெளியிட்ட ஆறாவது மணி நேரத்தில் சி.டி.ஆரைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். வியூஸ் எண்ணிக்கை உடனுக்குடன் ஓடுகிறது. ஆனால் இம்ப்ரெஷன் கணக்கு வந்து சேர ஓரிரு நாள் பிடிக்கும். நாள் கணக்கிலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. யூடியூப் அனலிட்டிக்ஸின் நாள், அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி நள்ளிரவில் தொடங்குகிறது. நம் கடிகாரத்தில் அது பகல் 12.30, அங்கே குளிர்காலமானால் 1.30. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கே வீடியோ வெளியிட்டால், அது அவர்கள் கணக்கில் இன்னும் வியாழக்கிழமை. முதல் 'நாள்' இரண்டரை மணி நேரத்திலேயே, குளிர்காலமானால் மூன்றரை மணி நேரத்திலேயே, முடிந்துவிடும். வரைபடத்தில் முதல் புள்ளி பள்ளத்தில் கிடப்பதைப் பார்த்து மனம் தளர்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும். அந்தப் பள்ளத்துக்குக் காரணம் கடிகாரம்தான்.

இப்போது மூன்றாவது எண்ணுக்கு வருவோம். நம் வீடியோவுக்கு அந்த வாரம் மொத்த வியூஸ் 4,100 என்று வைப்போம். இம்ப்ரெஷன் வழியாக வந்தது 2,850. மீதி 1,250 வாட்ஸ்அப், நோட்டிஃபிகேஷன், எண்ட் ஸ்கிரீன் போன்றவற்றிலிருந்து வந்தது. 4,100-ஐ 60,000-ஆல் வகுத்து, "என் கணக்கில் 6.8 வருகிறது, ஸ்டூடியோ ஏன் 4.8 காட்டுகிறது" என்று குழம்புகிறவர்கள் உண்டு. நீங்கள் மேலே வைத்த எண்ணில், கீழே உள்ள எண்ணோடு தொடர்பே இல்லாத 1,250 கலந்திருக்கிறது. வேறுபாட்டுக்கு வேறு காரணம் இல்லை.

அதே வாரத்துக்கு யூனிக் வியூவர்ஸ் 2,900 என்று திரை காட்டுகிறது. 4,100 வியூஸை ஏறத்தாழ 2,900 பேர் உருவாக்கியிருக்கிறார்கள் என்பது இதன் பொருள். ஒருவருக்குச் சராசரியாக 1.4 முறை. மண் கலவையில் எத்தனை பங்கு மண்புழு உரம், எத்தனை பங்கு தென்னை நார்க்கழிவு என்று மறுபடி பார்க்கச் சிலர் திரும்பி வந்திருப்பார்கள். செய்முறை வீடியோவுக்கு இது நல்ல அறிகுறி. செய்தி வீடியோவுக்கு இப்படி வராது, வராததில் குறையும் இல்லை.

'ஏறத்தாழ' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. யூனிக் வியூவர்ஸ் ஒரு மதிப்பீடு. ஒரே ஆள் காலையில் கைபேசியிலும் இரவில் டிவியிலும் பார்க்கலாம். ஒரே டிவியில் ஒரே கணக்கில் பாட்டி, மருமகள், பேரன் மூவரும் பார்க்கலாம். இரண்டையும் கருத்தில் கொண்டு யூடியூப் ஒரு எண்ணைக் கணித்துத் தருகிறது. அது தலையெண்ணிச் சொன்னது இல்லை. எனவே 2,900 அடுத்த வாரம் 2,860 ஆனால் நாற்பது பேரை இழந்துவிட்டோம் என்று தேடாதீர்கள்.

இந்த எண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு: கூட்ட முடியாது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொரு நாளுக்குமான யூனிக் வியூவர்ஸை எழுதிக் கூட்டினால் 3,600 வரலாம். வாரத்துக்கு என்று கேட்டால் திரை 2,900 என்று சொல்லும். நூலகத்தின் வருகைப் பதிவேட்டில் ஏழு நாள் கையெழுத்துகளைக் கூட்டினால் வாசகர் எண்ணிக்கை வராது அல்லவா? தினமும் வரும் பெரியவர் ஏழு முறை எண்ணப்பட்டிருப்பார். அதே போலத்தான் வீடியோக்களும். மூன்று வீடியோவின் யூனிக் வியூவர்ஸைக் கூட்டிச் சேனலின் யூனிக் வியூவர்ஸ் என்று விளம்பரதாரரிடம் காட்டாதீர்கள். மூன்றையும் பார்த்தவர் மூன்று ஆளாகிவிடுவார். சேனலுக்கு என்று தனியே, வேண்டிய காலத்தைத் தேர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். காலமும் சமமாக இருக்கட்டும். 28 நாளை 28 நாளோடு ஒப்பிடலாம். ஏழு நாள் எண்ணை நான்கால் பெருக்கி 28 நாளுக்கு என்று சொன்னால், திரும்பத் திரும்ப வருகிறவர்கள் எத்தனை பேரோ அந்த அளவுக்கு அது மிகையாக இருக்கும்.

2,900-ஐ 60,000-ஆல் வகுப்பதையும் பார்த்திருக்கிறேன். "நூறு பேரில் ஐந்து பேர் பார்க்கிறார்கள்" என்பார்கள். கீழே இருப்பது பேர் இல்லை, தடவைகள். மேலே உள்ள பேரிலும் பலர் அந்தத் தடவைகள் வழியாக வந்தவர்கள் இல்லை. அந்த வகுத்தலுக்கு விடை வரும், பொருள் வராது.

ஷார்ட்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். ஷார்ட்ஸ் ஓடையில் தம்ப்நெயிலைப் பார்த்து யாரும் தட்டுவதில்லை. விரலால் தள்ள, வீடியோ தானே ஓடத் தொடங்குகிறது. ஆகவே சி.டி.ஆருக்கு அங்கே இடமில்லை. நின்று பார்த்தார்களா, தள்ளிவிட்டார்களா என்ற விகிதம்தான் அங்கே உண்டு. 2025 மார்ச் இறுதியிலிருந்து ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, மறுபடி ஓடினாலும், ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள். முழுநீள வீடியோவும் ஷார்ட்ஸும் கலந்த சேனலில் மொத்த வியூஸையும் மொத்த இம்ப்ரெஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தராது. Content பகுதியில் Videos, Shorts என்று பிரித்துவிட்டுப் பாருங்கள்.

சரி, மாடித்தோட்டக்காரர் எட்டாம் நாள் என்ன செய்ய வேண்டும்? தட்டியவர்கள் உள்ளே நின்றார்களா என்று பார்க்க வேண்டும். இம்ப்ரெஷனில் தொடங்கி, சி.டி.ஆர்., அதிலிருந்து வந்த வியூஸ், சராசரியாகப் பார்த்த நேரம், அந்த வியூஸால் கிடைத்த பார்வை நேரம் என்று ஸ்டூடியோ ஒரு புனல் படம் தருகிறது. எட்டு நிமிட வீடியோவில் பரிந்துரை வழியாக வந்தவர்கள் நான்கு நிமிடம் நிற்கிறார்கள் என்றால், படமும் உள்ளடக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, தொடாமல் விடலாம். நாற்பது வினாடியில் வெளியேறினால், படம் சொன்னது உள்ளே இல்லை என்று பொருள். அப்போது 3.5 சதவீதம் என்பதில் மகிழ ஒன்றுமில்லை.

அப்படியும் வேறு தம்ப்நெயிலைச் சோதிக்க விரும்பினால், கையால் மாற்றி முந்தைய வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். ஸ்டூடியோவிலேயே அதற்கான சோதனை வசதி இருக்கிறது. மூன்று படங்கள் வரை கொடுத்தால், ஒரே காலத்தில், வெவ்வேறு பார்வையாளர்களுக்கு அவற்றைப் பிரித்துக் காட்டும். கூட்டம் மாறிவிட்டதே என்ற சிக்கல் அங்கே எழாது. அந்தச் சோதனையில் யூடியூப் வெற்றியைத் தீர்மானிப்பது சி.டி.ஆரை வைத்து இல்லை. எந்தப் படம் அதிகப் பார்வை நேரத்தைக் கொண்டுவந்தது என்பதை வைத்து. சிறிய சேனலுக்கு முடிவு வர இரண்டு வாரம்கூட ஆகலாம், தெளிவான வெற்றி இல்லை என்றே முடியவும் செய்யலாம். அப்படி முடிந்தால் மூன்று படங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வீடியோவுக்கு மண்ணைக் கலக்கப் போகலாம்.